ஜிம் வாசலில் வைத்த அட்டை: 12 ரூபாய் எங்கே போனது?

போன பகுதியைக் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க. "பக்கத்துல ஒரு ஜிம் இருக்கு, சேர்ந்து ஏதாவது ஆஃபர் போடலாமா?" போடலாம். ஆனா நான் முதல் தடவை போட்டது நஷ்டத்துல முடிஞ்சது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க கடை வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸ் பக்கம். காலையில கேழ்வரகுக் கூழ், சுண்டல், அவிச்ச முட்டை, சாயங்காலம் அடை. ரெண்டு தெரு தள்ளி ஒரு ஜிம். காலை ஆறு மணி பேட்ச் முடிஞ்சு வர்றவங்க பசியோட வருவாங்க, நமக்கு அதைவிட நல்ல கூட்டாளி யாருன்னு நினைச்சேன். ஜிம் உரிமையாளர்கிட்ட பேசி, "மெம்பர் கார்டு காட்டினா எப்பவும் 15 சதவீதம் தள்ளுபடி"ன்னு அவங்க சுவர்ல ஒரு போர்டு மாட்டினோம்.

ஒரு மாசம் கழிச்சு யுபிஐ பட்டியலை உட்கார்ந்து பார்த்தேன். தள்ளுபடி வாங்கினதுல திரும்பத் திரும்ப வந்தது 19 பேர்தான். அந்த 19 பேரும் போர்டு மாட்டுறதுக்கு முன்னாடியே எங்ககிட்ட சாப்பிட்டவங்க! ஒரு செட் 80 ரூபாய், அதுல 15 சதவீதம் 12 ரூபாய். 19 பேர், மாசத்துக்கு 20 நாள், மொத்தம் 380 செட். 12-ஆல பெருக்கினா 4,560 ரூபாய். ஏற்கெனவே முழு விலை கொடுத்துட்டிருந்தவங்களுக்கு நானே திருப்பிக் கொடுத்திருக்கேன். புதுசா யார் வந்தாங்கன்னு கேட்டா, என்கிட்ட பதில் இல்லை, ஏன்னா எழுதி வைக்கவே இல்லை.

இது நம்ம ஊருக்கு மட்டும் வர்ற வியாதி இல்லை. குரூப்பான் மாதிரி கூப்பன் தளங்கள் வேகமா வளர்ந்த 2010-ல், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் உத்பல் தோலக்கியா, குரூப்பானில் ஆஃபர் போட்ட 150 வியாபாரங்களை ஆராய்ந்தார். 32 சதவீதம் பேர் தங்களுக்கு அது லாபமா முடியலைன்னு சொன்னாங்க.

சரி, ரெண்டாவது தடவை என்ன மாத்தினோம்? மூணு விஷயம்.

முதலாவது, தள்ளுபடியை எடுத்துட்டு, "முதல் வருகைக்கு ஒரு டம்ளர் கூழ் இலவசம்"னு வெச்சோம். ஒரு டம்ளர் கூழுக்கு எங்களுக்கு ஆகுறது 8 ரூபாய், அதுவும் ஒரே ஒரு தடவை. தள்ளுபடியை நிறுத்தினப்போ ரெண்டு மூணு பேர் முகம் சுளிச்சாங்க, மறைக்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் அவங்களும் வந்தாங்க.

ரெண்டாவது, அட்டை. விசிட்டிங் கார்டு அளவு, ஜி-001-ல இருந்து ஜி-200 வரை எண் போட்டது. அச்சுக்கு 400 ரூபாய். அட்டையை வாங்கி டப்பாவுல போட்டுட்டு, நோட்டுல தேதி, அட்டை எண், "புதுசு" அல்லது "பழசு", பில் தொகை, இந்த நாலு மட்டும் எழுதணும். பழைய ஆள் அட்டையோட வந்தா கவுன்ட்டர்ல வாதாடக்கூடாது. கூழைக் கொடுத்துட்டு "ப"ன்னு எழுதிடணும். எட்டு ரூபாய்க்கு ஒரு வாடிக்கையாளரைக் கோபப்படுத்துறது கட்டுப்படியாகாது.

ஏன் அட்டை, மொத்த விற்பனை கூடுச்சான்னு பார்த்தா போதாதான்னு கேட்கலாம். திருவண்ணாமலையில அது வேலைக்கு ஆகாது. பௌர்ணமி கிரிவலத்துக்கு வர்ற கூட்டத்துல கல்லா நிறையும், கார்த்திகை தீபம் வந்தா கேட்கவே வேண்டாம். அந்த விற்பனையை ஜிம் கணக்குல போட்டா நாமே நம்மை ஏமாத்திக்கிறோம். அட்டை இருந்தா அது ஜிம்ல இருந்து வந்தது, இல்லைன்னா இல்லை.

மூணாவது, எதிர்ப்பக்கம். ஜிம்முக்கும் ஏதாவது கிடைக்கணுமே. நாங்க எங்க கடையில "மூணு நாள் இலவசப் பயிற்சி" சீட்டு கொடுத்தோம், டி-01-ல இருந்து டி-60 வரை. ஜிம்முக்குக் கூட ஒரு ஆள் வந்தா பெரிய செலவு இல்லை, நமக்கு ஒவ்வொரு தட்டும் பொருள் செலவு. அதனால ரெண்டு பேரும் "சமமா" தள்ளுபடி கொடுக்கலாம்னு யாராவது சொன்னா ஜாக்கிரதையா இருங்க. அவங்களுக்கு மலிவானதை அவங்க கொடுக்கட்டும், நமக்கு மலிவானதை நாம கொடுக்கலாம்.

இதுல ஒரு சிக்கல் வந்துச்சு. சோதனைப் பயிற்சியை ஜிம்காரங்க பகல் 11-ல இருந்து 4-க்குள்ளன்னு வெச்சிருந்தாங்க, கூட்ட நேரத்துல பயிற்சியாளருக்குக் கை ஓயாதுன்னு. நியாயம்தான். ஆனா நம்ம கடைக்கு வர்றவங்க பாதிப் பேர் ஆபீஸ் ஆளுங்க. முதல் ரெண்டு வாரம் ஒரு சீட்டும் போகலை. ராத்திரி 8-ல இருந்து 9-னு மாத்தினதும் போக ஆரம்பிச்சாங்க.

ஆறு வாரக் கணக்கு இது. 200 அட்டையில ஜிம் கொடுத்தது 140. மீதி 60 வரவேற்பு மேசை டிராயர்ல அப்படியே இருந்துச்சு. அதனால எத்தனை திரும்பி வந்ததுன்னு மட்டும் இல்லாம, எத்தனை கைக்குப் போச்சுன்னும் வாரம் ஒரு தடவை எண்ணணும். 140-ல திரும்பி வந்தது 52. அதுல 19 பழசு, நம்ம பழைய நண்பர்களேதான். 33 புதுசு.

இந்த 33 பேர்ல மறுபடியும் வந்தவங்க 14 பேர். சராசரியா ஒவ்வொருத்தரும் 5 தடவை. ஒரு செட்டுல பொருள் செலவு போக எங்களுக்கு நிக்கிறது 40 ரூபாய். முதல் வருகை 33 தடவை, 1,320 ரூபாய். மறு வருகை 70 தடவை, 2,800 ரூபாய். கூழுக்கு 52 எட்டு 416, அச்சு 400, ரெண்டையும் கழிச்சா 3,304 ரூபாய். பழைய 19 பேரோட பில்லை நான் சேர்க்கவே இல்லை, அவங்க எப்படியும் வந்திருப்பாங்க. பெரிய தொகை இல்லை. ஆனா அந்த 14 பேர் இன்னமும் வர்றாங்க.

ஜிம் பக்கம் 60 சீட்டுல 17 பேர் சோதிச்சுப் பார்த்தாங்க, 4 பேர் சேர்ந்தாங்க. மாசக் கட்டணம் ஆயிரம். அதனால அவங்களும் தொடரலாம்னு சொன்னாங்க. ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயிறு ரெண்டு நோட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கிறோம், பத்து நிமிஷம்தான்.

ஜிம்மோட வாட்ஸ்அப் குழுவுக்குன்னா அட்டைக்குப் பதிலா ஒரு லிங்க் போதும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=GYM
```

எக்ஸ் இருக்கிற இடத்துல உங்க கடை எண். அதைத் தொட்டா "GYM"னு தயாரா எழுதின செய்தி வரும், அனுப்பினவங்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ்ல ஒரு லேபிள் போட்டுடலாம். ஆனா "எங்க மெம்பர் நம்பர் எல்லாம் தர்றேன், நீங்களே மெசேஜ் போடுங்க"ன்னு ஜிம் சொன்னா வாங்காதீங்க. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைக் கேட்குது. சட்டம் இல்லைன்னாலும், கேட்காம வர்ற மெசேஜை யார் விரும்புறா?

பேசும்போதே கேட்டுக்க வேண்டிய ஒண்ணு: அந்த ஜிம் உள்ளேயே புரோட்டீன் பவுடர், ஷேக் விக்குதா? வித்தா, பயிற்சியாளர் உங்க அட்டையை மனசார நீட்டமாட்டார்.

பொட்டிக், யோகா பத்தியும் கேட்டிருந்தீங்க. பொட்டிக்குக்கு ஒருத்தர் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாங்க, அதனால அட்டைக்கு 30 நாள் கெடு போதாது, 60 நாளாவது வையுங்க. தைச்ச ரவிக்கை போகிற பையிலேயே போட்டா வீட்டுல எல்லார் கண்ணுலயும் படும். யோகான்னா யார் வர்றாங்கன்னு முதல்ல போய்ப் பாருங்க. ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டுல, வெளிநாட்டுக்காரங்க வர்றது குளிர்காலத்துலதான் அதிகம். அவங்க அங்கிருந்து வேங்கிக்காலுக்குக் கூழ் குடிக்க வரமாட்டாங்க. நம்ம தெருவுல வகுப்பு எடுக்கிறவங்க போதும்.

நாங்க அடுத்த சுற்றுக்கு 100 அட்டைதான் அடிச்சிருக்கோம். ஜிம்காரங்க கையில ஒரு நேரத்துல 25-க்கு மேல கொடுக்கிறதில்லை. டிராயர்ல தூங்கக் கூடாதில்லையா? உங்க கணக்கு எப்படி வந்துச்சுன்னு எழுதுங்க.