தலையாட்டினா மட்டும் போதுமா?

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



தவணை கட்டாத ஒருத்தர் வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு வாங்கன்னு குழுவுல நம்மைத்தான் அனுப்புவாங்க. போனா, அவங்க சொல்லச் சொல்ல நாம "ம்... ம்... சரி சரி"ன்னு தலையாட்டுவோம். மனசுக்குள்ள அடுத்து என்ன சொல்லணும்னு யோசிச்சுக்கிட்டு இருப்போம். அது எதிரில் இருக்கிறவங்களுக்கு நல்லாவே தெரியும்.

எங்க குழுவுல ஒரு அக்கா ரெண்டு மாசமா தவணையும் கட்டலை, கூட்டத்துக்கும் வரலை. நானும் இன்னொரு உறுப்பினரும் போனோம். மாமியார் திண்ணையில இருந்தாங்க. அதனால உள்ளே கூப்பிட்டுப் பேசாம, கொல்லையில அவங்க கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்த இடத்துல போய் உக்காந்து நாங்களும் ஆய்ஞ்சோம். கைக்கு வேலை இருந்தா முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதில்லை. பேச்சு தானா வரும்.

"ஏன் வரலை?"ன்னு நாங்க கேக்கலை. "ஏன்"னு கேட்டா விசாரணை மாதிரி இருக்கும், சாக்குதான் வரும். "கொஞ்ச நாளா என்ன நடக்குதுக்கா?"ன்னு கேட்டோம். அவங்க, "ஆடு ரெண்டும் செத்துப் போச்சு. பணமில்லை. கூட்டத்துக்கு வரவே பிடிக்கலை"ன்னாங்க.

இந்த இடத்துலதான் நமக்கு வாய் துறுதுறுங்கும். "எங்க வீட்லயும் போன வருஷம் மாடு செத்துச்சு"ன்னு ஆரம்பிச்சா, பேச்சு நம்ம வீட்டு மாட்டுக்குப் போயிடும். "கவலைப்படாதீங்க"ன்னு சொன்னா, இதோட நிறுத்துன்னு அர்த்தம் ஆயிடும். அதுக்குப் பதிலா, அவங்க சொன்னதை நம்ம வார்த்தையில திருப்பிச் சொல்லி, கடைசியில கேள்வியா விடணும். நான் சொன்னேன்: "ஆடும் போயி பணமும் இல்லாம, கூட்டத்துல வந்து உக்கார வெட்கமா இருக்காக்கா?"

அவங்க கீரையைக் கீழே வச்சாங்க. "வெட்கம் இல்லை, கோபம். போன தடவை எல்லார் முன்னாடியும் பாக்கின்னு என் பேரைப் படிச்சாங்கல்ல?" அப்படின்னாங்க.

நான் நினைச்சது தப்பு. ஆனா கேள்வியா விட்டதால அவங்களே திருத்திட்டாங்க. அதுதான் இந்த முறையோட பலம். "உங்களுக்கு வெட்கம்"னு அடிச்சுச் சொல்லியிருந்தா, ஆமான்னு தலையாட்டிட்டு விஷயத்தை மூடியிருப்பாங்க. சொன்ன வார்த்தையை அப்படியே கிளிப்பிள்ளை மாதிரி சொன்னாலும் வேலைக்காகாது, கிண்டல்னு நினைப்பாங்க.

அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்லலை. மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு மெதுவா எண்ணிக்கிட்டு இருந்தேன். அஞ்சு எண்ணுறதுக்குள்ள அடுத்த பேச்சு வந்துருச்சு. சும்மா இருக்கிறதுதான் எனக்கு இதுல ரொம்பச் சிரமம். என் வீட்டுக்காரர் கேட்டா சிரிப்பார்.

அவங்க முழுக்கச் சொல்லி முடிச்சதும், "நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க. பாக்கியைக் கட்ட மாட்டேன்னு இல்லை, அறுப்புக் கூலி வந்ததும் கட்டுவீங்க. ஆனா பேரைப் படிச்சு அவமானப்படுத்தக் கூடாதுங்கிறீங்க. வேற ஏதாவது விட்டுட்டேனா?"ன்னேன். "அதேதான்!"னாங்க, குரலே மாறிப் போச்சு. நாம கேட்டது அவங்களுக்குப் போய்ச் சேர்ந்துச்சுங்கிறதுக்கு அந்த "அதேதான்" தான் அடையாளம். "சரி சரி, விடுங்க"ன்னு வந்தா சேரலை, மறுபடி கேக்கணும்.

யோசனை சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கணும். "நான் கேட்டா மட்டும் போதுமா, கூட்டத்துல பேசணுமா?" அவங்க பேசச் சொன்னாங்க. எவ்வளவு சொல்லலாம்னும் கேட்டுக்கிட்டேன். ஆடு விஷயத்தைச் சொல்ல வேண்டாம்னாங்க, கூட்டத்துல நானும் சொல்லலை. இங்கே சொல்றதுக்கு அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.

ஒருத்தர் சொன்னதைத் திருப்பிச் சொன்னா, ஒத்துக்கிட்டோம்னு ஆகாது. தவணையைத் தள்ளி வைக்கிறேன்னு நான் வாக்குக் கொடுக்கலை, அது குழு முடிவு. நமக்கு நேரமில்லைன்னா அதையும் சொல்லிடலாம். "உலையில அரிசி கிடக்கு, சாயங்காலம் வர்றேன்"னு சொல்லிட்டுப் போகிறது, அரைக் காதாக் கேக்கிறதைவிட மேல். வீட்ல அடி, மிரட்டல்னு தெரிய வந்தா மட்டும், நாம போய்ப் பஞ்சாயத்துப் பண்ணக் கூடாது. அவங்களுக்கே ஆபத்தாகலாம். பெண்கள் உதவி எண் 181-ஐச் சொல்லி, அவங்க விரும்பினா கூட இருந்து பேச வைக்கலாம்.

அடுத்த கூட்டத்துல, பாக்கிதாரர் பேரைச் சத்தமாப் படிக்கிறதில்லை, பாஸ் புத்தகத்தை அவங்கவங்க கையில கொடுத்துப் பேசறதுன்னு தீர்மானப் புத்தகத்துல எழுதினோம். அந்த அக்காவும் வந்து கையெழுத்துப் போட்டாங்க.