தையல் மிஷினும் ஒரு மணி நேரக் கூலியும்



எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. பத்தாவது வரைக்கும் படிச்சேன், கல்யாணம் ஆச்சு, வீட்டோட இருந்து தையல் மிஷின் ஓட்டுறேன். போன மாசக் குழுக் கூட்டத்துல, ஜாக்கெட்டுக்குக் கூலி எப்படிப் போட்டேன்னு நோட்டுல காட்டினேன். அதையே எல்லாருக்கும் சொல்லும்மான்னு தலைவி அக்கா சொன்னதால வந்திருக்கேன்.

விஷயம் இப்படித்தான் ஆரம்பிச்சது. டவுன்ல ஒரு பொட்டீக் கடைக்காரர் வந்தார். லைனிங் ஜாக்கெட் மொத்தமா தரேன், ஒண்ணுக்கு 160 ரூபாய்னு சொன்னார். நான் யோசிக்கவும், அவரே ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். "பனியன் கம்பெனியில மாசம் 15,000 தர்றாங்க. 26 நாளால வகுத்தா நாளுக்கு 577. எட்டு மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 72 ரூபாய். ஒரு ஜாக்கெட் ரெண்டு மணி நேரம், 144. நூலுக்கும் ஹூக்குக்கும் சேர்த்து 160. கம்பெனிச் சம்பளம் வீட்டுலயே வருதேம்மா"ன்னார்.

வகுத்ததுல தப்பே இல்லைங்க. ஆனா அது கம்பெனிக்குப் போற பொண்ணோட கணக்கு. அவளுக்கு லீவு நாளுக்கும் சம்பளம் உண்டு. கரண்டு, மிஷின், நூல் எல்லாம் முதலாளி செலவு. நமக்கு அப்படியா? அதனால நாளைக்குச் சொல்றேன்னு சொல்லி அவரை அனுப்பிட்டு, ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

முதல்ல, வருஷத்துக்கு எனக்கு என்ன வேணும்னு எழுதினேன். கம்பெனிக்குப் போற பொண்ணு மாதிரியே மாசம் 15,000, வருஷம் 1,80,000. இது ஆசைக் கணக்கு இல்லை. அவ்வளவுதான் நான் வீட்டை விட்டு வேலைக்குப் போனா கிடைக்கும்.

அடுத்தது, சம்பளத்துக்கு மேல கம்பெனி அவளுக்காகக் கட்டுறது. பி.எஃப்.ல முதலாளி பங்கு 12 சதவீதம். 15,000-க்கு மாசம் 1,800, வருஷத்துக்கு 21,600. இ.எஸ்.ஐ.ல முதலாளி பங்கு 3.25 சதவீதம், வருஷத்துக்கு 5,850. இது அவ கையில வர்ற பணத்துல தெரியாது. ஆனா வயசான காலத்துக்கு ஒரு தொகை சேருது, ஆஸ்பத்திரி பார்த்துக்குது, உடம்பு முடியாமப் படுத்தா டாக்டர் சீட்டு குடுத்து ஒரு பங்கு கூலியும் வாங்கலாம். நமக்கு இதையெல்லாம் யார் கட்டுவாங்க? நாமதான் எடுத்து வைக்கணும். ரெண்டும் சேர்த்து 27,500-ன்னு எழுதிக்கிட்டேன். அவ சம்பளத்துல பிடிக்கிற அவ பங்கை நான் சேர்க்கல. அது என் 15,000-லிருந்து நானே போட்டுக்கிறது. தீபாவளி போனஸையும் விட்டுட்டேன், கணக்கு பெரிசாயிடும்னு.

மூணாவது, தொழில் நடத்துற செலவு. மிஷின் தேய்மானம், ரிப்பேர், கரண்டு, சாமான் வாங்க டவுனுக்குப் போய் வர்ற பஸ், போன் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 14,000. நூல், ஹூக் இதுல சேராது. அதை ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் தனியா 20 ரூபாய்னு வச்சிருக்கேன்.

நாலாவது வரி. வரின்னதும் "நமக்கென்னடி வரி"ன்னு பின்னாடி யாரோ சிரிக்கிறீங்க. வருமான வரி நமக்கு வராதுதான். புது முறையில வருஷ வருமானம் 4 லட்சம் வரைக்கும் வரியே இல்லை. ஆனா பஞ்சாயத்துல தொழில் வரின்னு ஒண்ணு இருக்கு. அரை வருஷ வருமானம் 21,000-ஐத் தாண்டினா கட்டணும், வருஷத்துக்கு ரெண்டு தவணை. கம்பெனியா இருந்தா சம்பளத்துல பிடிச்சு அவங்களே கட்டிருவாங்க. நாம தனியா எடுத்து வைக்கலேன்னா, ரசீதுப் புத்தகத்தோட வாசல்ல வந்து நிக்கிற அன்னைக்கு அரிசிப் பணத்துல கை வைக்கணும். யாருக்கும் வருஷத்துக்கு 2,500-க்கு மேல வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அந்த உச்சத் தொகையையே எழுதிக்கிட்டேன்.

இன்னொண்ணும் இந்த இடத்துலயே சொல்லிடறேன். பெரிய கடைங்க நமக்கு வருஷத்துல ஒரு லட்சத்துக்கு மேல கூலி குடுத்தா, நூத்துக்கு ஒரு ரூபாய் பிடிச்சு நம்ம பேர்ல அரசாங்கத்துக்குக் கட்டுவாங்க. பான் கார்டு குடுக்கலேன்னா நூத்துக்கு 20 பிடிச்சிருவாங்க. வரி கட்டுற அளவுக்கு வருமானம் இல்லேன்னா, ரிட்டன் போட்டு அதைத் திரும்ப வாங்கிக்கலாம். அது நம்ம பணம், செலவு இல்லை. அதனால கூலியில அதை ஏத்த வேண்டியதில்லை. ஆனா பான் எண்ணை முதல் நாளே குடுத்துருங்க.

இப்ப கூட்டிப் பாருங்க. 1,80,000-மும் 27,500-ம் 14,000-மும் 2,500-ம் சேர்ந்தா 2,24,000. 15,000 சம்பளத்துக்குச் சமமா நிக்கணும்னா வருஷத்துல நான் இவ்வளவு சம்பாதிக்கணும்.

இதை எத்தனை மணி நேரத்துல சம்பாதிக்கிறது? இங்கதான் கடைக்காரர் கணக்கு ரொம்பத் தள்ளிப் போகுது. வருஷம் 365 நாள். ஞாயிறு 52 போனா 313. கம்பெனியில சம்பளத்தோட விடற தேசிய, பண்டிகை லீவு 9 நாள், நமக்கும் போகட்டும், 304. எனக்கோ பிள்ளைகளுக்கோ காய்ச்சல், ஆஸ்பத்திரின்னு போனது 15 நாள். கல்யாணம், சீர், சாவு, ஊர்த் திருவிழான்னு 19 நாள். இது என் குடும்பத்து நோட்டுல இருக்கிற கணக்கு. உங்களுக்கு மாறும், மாமியார் படுத்திருக்கிற வீட்டுல இன்னும் கூடும். மிச்சம் 270. அப்புறம் துணியே வராத நாள். ஆடியில கல்யாணம் இல்லை, ஜாக்கெட்டும் இல்லை, 18 நாள் மிஷினுக்கு உறை போட்டு வச்சிருந்தேன். மார்கழி முன்பாதியில 12 நாள். ஆக மிஞ்சினது 240 நாள்.

அந்த 240 நாள்லயும் எட்டு மணி நேரமும் கூலி வராது. பதினஞ்சு நாள் ஒரு சின்ன நோட்டைப் பக்கத்துல வச்சு, கடிகாரம் பார்த்து எழுதினேன். அளவெடுக்கிறது, கழுத்து டிசைன் பார்க்கிறது, அதோட பேச்சு. கை இறுக்கமா இருக்குன்னு திரும்ப வர்றதைப் பிரிச்சுத் தைக்கிறது. கலர் நூல் தேடிப் போறது. பாக்கிக் காசுக்கு நாலு தரம் நடக்கிறது. தினம் ரெண்டு மணி நேரம் இதுலயே போகுது, இதுக்கு யாரும் பத்துப் பைசா தர்றதில்லை. மிச்சம் ஆறு மணி நேரம்தான் கூலி வர்ற நேரம். ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு வெட்டறது 20 நிமிஷம், மிஷின்ல ஒரு மணி பத்து நிமிஷம், ஹூக்கும் கைத் தையலும் அரை மணி. சரியா ரெண்டு மணி நேரம். இந்த நோட்டை எழுதாம மனசுல இருக்கிறதை வச்சுக் கணக்குப் போட்டா எல்லாமே கம்மியாத்தான் தெரியும். கைத்தையலை டிவி பார்த்துக்கிட்டே செய்யறோம்ல, அதை யாரும் வேலையில சேர்க்கறதில்லை.

240 நாளை ஆறால பெருக்குங்க, 1,440 மணி நேரம். 2,24,000-ஐ 1,440-ஆல வகுத்தா மணிக்கு 156 ரூபாய் வருது. கடைக்காரர் சொன்ன 72-க்கு ரெண்டு மடங்குக்கும் மேல. லைனிங் ஜாக்கெட்டுக்கு 312, சாமான் 20, ஆக 332.

நோட்டைப் பார்த்து எங்க வீட்டுக்காரர், "332 சொன்னா கடைக்காரர் ஓடியே போயிடுவார்"ன்னார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஏன்னா இந்த 332 வீட்டுக்கு வர்ற அக்காமாருக்குப் போட்டது. கடைத் துணிக்கு அளவெடுக்க வேண்டாம், எல்லாம் 34, 36, 38-ன்னு வெட்டறதுதான். பாக்கிக்கு நடக்க வேண்டாம், சனிக்கிழமை காசு. அந்த வேலைக்கு வெட்டியாப் போற நேரம் அரை மணிதான், கூலி நேரம் ஏழரை மணி. 240-ஐ ஏழரையால பெருக்கினா 1,800 மணி நேரம். வகுத்தா மணிக்கு 124 ரூபாய் சொச்சம். ஒரு ஜாக்கெட்டுக்கு 249, சாமான் 20, 270-க்குப் பக்கம். மொத்த வேலைக்கு விலை குறைச்சுக் குடுங்கன்னு கேட்டா இவ்வளவுதான் குறைக்க முடியும். இதுக்குக் கீழ போனா, குறையுறது லாபம் இல்லை, என் பி.எஃப். பணமும் ஆஸ்பத்திரிப் பணமும்.

மறுநாள் அவர் வந்தப்போ 270-ன்னு சொன்னேன். நோட்டையும் காட்டினேன். நாள் கணக்கை மட்டும் நிதானமாப் பார்த்தார். கடைசியில 230 வரைக்கும் வந்தார், அதுக்கு மேல அசையல. 230-ல சாமான் 20 போனா மணிக்கு 105.

வருஷம் பூராவும் அந்த விலைக்கு முடியாதுன்னு சொல்லிட்டேன். ஆனா சும்மா கிடக்கிற அந்த முப்பது நாள் இருக்கே? அந்த நாள்ல மிஷின் ஓடலேன்னா எனக்கு ஒரு ரூபாயும் இல்லை. அவருக்கும் ஆவணி முகூர்த்தத்துக்கும் தை முகூர்த்தத்துக்கும் முன்னாடிதான் சரக்கு வேணும். அதனால ஆடியிலயும் மார்கழி முன்பாதியிலயும் மட்டும் 230, மத்த மாசத்துக்குக் கேட்டா 270-ன்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எழுதாம விட்டா ஆடியில குடுத்த விலையையே ஐப்பசியிலயும் கேட்பாங்க. வாயால பேசினது மூணு மாசம் தாங்காது.

முப்பது நாள்ல 112 ஜாக்கெட், சாமான் போக 23,520 ரூபாய். இதை 2,24,000-லிருந்து கழிச்சா 2,00,480. வீட்டு வேலைக்கு இருக்கிற அதே 1,440 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 139 ஆகுது. 156-லிருந்து 139. லைனிங் ஜாக்கெட் 278-ம் சாமான் 20-ம் சேர்த்து 298. அதனாலதான் நம்ம ஊர் அக்காமாருக்கு இந்த வருஷம் 332-ன்னு போடாம 300-ன்னு எழுதித் தொங்க விட்டிருக்கேன். கழுத்துல பைப்பிங், கையில ஜரிகைன்னு கேட்டா கூடுதலா ஆகிற ஒவ்வொரு அரை மணிக்கும் 70 ரூபாய்.

சமையல் ஆர்டர் எடுக்கிறவங்க, அழகு நிலையம் வச்சிருக்கிறவங்க, கம்ப்யூட்டர்ல டைப் பண்ணிக் குடுக்கிறவங்க இருக்கீங்க. உங்க நாள் கணக்கு என்னோடது மாதிரி இருக்காது, மணி நேரமும் இருக்காது. நோட்டைக் கொண்டு வந்திருக்கேன். சாப்பாட்டுக்கு அப்புறம் யாருக்கு வேணுமோ உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம்.