காம்பவுண்டு சுவருக்கு எத்தனை மூட்டை? - பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை



நம் கிழக்குப் பக்கத்து காம்பவுண்டு சுவரில் பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசப்போகிறோம். சிமெண்ட் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதில் எல்லோரும் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு.

சுவர் 100 அடி நீளம், 6 அடி உயரம். ஒரு பக்கம் மட்டும் 600 சதுர அடி. பூச்சின் கனம் 15 மி.மீ., அதாவது சுமார் 0.05 அடி. பெருக்கினால் 30 கன அடி. செங்கல் இடுக்குகளை நிரப்பவும் கீழே சிந்துவதற்கும் 20 சதவீதம் கூட்டினால் 36 கன அடி.

பலர் இத்தோடு நிறுத்தி, 36 கன அடியையே ஒன்றுக்கு ஐந்து என்று பிரித்துவிடுகிறார்கள். 6 கன அடி சிமெண்ட், 30 கன அடி மணல். இங்கேதான் தவறு. 36 என்பது சுவரில் ஏறிய ஈரக் கலவையின் அளவு. நாம் வாங்குவதோ உலர்ந்த பொருள். மணலுக்கு இடையே காற்று நிறைந்த இடைவெளி இருக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கலக்கும்போது சிமெண்ட் அந்த இடைவெளிக்குள் போய்விடும். 5 டம்ளர் மணலும் 1 டம்ளர் சிமெண்டும் சேர்ந்தால் 6 டம்ளர் கலவை வராது. சுமார் நாலரைதான் வரும். அதனால் ஈர அளவை 1.33-ஆல் பெருக்க வேண்டும்.

36 × 1.33 = 48 கன அடி. ஆறு பங்கில் ஒன்று சிமெண்ட், 8 கன அடி. ஒரு மூட்டை 1.25 கன அடி என்பதால் 6.4, அதாவது 7 மூட்டை. மணல் 40 கன அடி.

பெருக்காமல் வாங்கினால், 75 அடி பூசியதும் பொருள் தீர்ந்துவிடும். மிச்சம் 25 அடியை முடிக்க வேண்டுமே என்று, மீதியிருக்கும் கொஞ்சம் சிமெண்டில் மணலைக் கூடுதலாகப் போட்டு ஒப்பேற்றுவார்கள். கோடியக்கரையின் உப்புக்காற்றில் முதலில் பொரிந்து விழுவது அந்த 25 அடிதான். விரலால் தேய்த்தால் மணல் உதிரும். தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்கும்.

இன்னொன்று. இந்த 1.33-இல் மணலின் ஈரம் சேராது. ஈரமணல் உப்பி நிற்கும். கண்ணாடி ஜாடியில் 20 செ.மீ. உயரத்துக்கு மணலை நிரப்பி, வேறு பாத்திரத்தில் கொட்டி வையுங்கள். ஜாடியில் பாதித் தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்பப் போட்டுக் கலக்கிப் படியவிடுங்கள். 16 செ.மீ.க்கு இறங்கினால் 25 சதவீதம் உப்பல். அப்போது 40-க்குப் பதில் 50 கன அடி வாங்க வேண்டும். மழைக்காலத்தில் லோடு இறங்கும்போது இதைப் பார்த்துவிட்டு அளவை ஒப்புக்கொள்வோம்.

மணல் குறைந்தால் கடற்கரையில் அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம். அதிலுள்ள உப்பு சுவரில் வெள்ளையாகப் பூத்து, பூச்சையும் தள்ளிவிடும்.