கட்டங்களுக்கு நடுவே ஓர் இலை

தென்காசியில் கூடியிருக்கிறோம். இங்கிருந்து ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம், அங்கே சித்திர சபை. அதன் சுவர்களில் புராணக் கதைகளை ஓவியமாக எழுதியிருக்கிறார்கள். திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தன் கதையை வரிசை வரிசையாகத் தீட்டி, காட்சிக்குக் காட்சி தமிழில் வாசகமும் எழுதிவைத்திருக்கிறார்கள். கேட்ட கதையைப் பார்க்கும் கதையாக்கும் வேலை நமக்குப் பழகியதுதான். ஆனால் புராணத்தில் கதை ஏற்கெனவே இருக்கிறது. ஒரு விரிவுரையைப் படக்கதையாக்கும்போது அது இல்லை. இன்றைக்கு நான் பேசப்போவது அந்தச் சிக்கலைப் பற்றி.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் அதில் போய்விட்டான். அதன் பிறகு, அருவியில் வெள்ளம் எப்படி வருகிறது என்று நண்பர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரம் பேசினார். நல்ல பேச்சு. அதை ஆறு கட்டப் படக்கதையாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. முக்கால் மணி நேரப் பேச்சு சுமார் நாலாயிரம் சொல். ஒரு கட்டத்தில் பதினைந்து சொல்லுக்கு மேல் போனால் படம் மூச்சுமுட்டிப்போகும். ஆக, நூறு சொல்லுக்குள் முடிக்க வேண்டும்.

முதலில் நான் செய்தது தவறு. பேச்சைச் சுருக்கினேன். மேற்குத் தொடர்ச்சி மலை, தென்மேற்குப் பருவக்காற்று, சாரல், பாறைச் சரிவு, வெள்ளம் என்று அவர் சொன்ன வரிசையிலேயே கட்டம் பிரித்தேன். கண்ணாடி போட்ட ஆசிரியர் ஆறு கட்டத்திலும் நின்று பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது கட்டத்தில் மலையின் குறுக்குவெட்டும் அம்புக்குறிகளும். பிள்ளைகள் அதைத் தாண்டிக் கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

பேச்சு காரணத்தில் தொடங்கி விளைவுக்கு வரலாம். கதை ஒருவர் கண்ணுக்குத் தெரிவதில்தான் தொடங்கும். பேச்சு முழுவதையும் தாங்கிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இங்கே வெயில் அடிக்கும்போது வெள்ளம் எப்படி வரும்? அதைக் கண்டுபிடித்த பிறகு மற்றதெல்லாம் தானாக உதிர்ந்தது. பொங்குமாங்கடல் பற்றி நண்பர் பத்து நிமிடம் அழகாகப் பேசியிருந்தார். அது பேரருவியின் சங்கதி, நம் கதையோ பழைய குற்றாலத்தில் நடக்கிறது. மனசில்லாமல்தான் வெட்டினேன்.

புதிய வரிசை இப்படி. பளிச்சென்ற வெயிலில் ஆச்சியும் பேரனும் குளிக்கிறார்கள். அடுத்த கட்டத்தின் மேல் ஒரே வாசகம்: “அதே நேரம், மலைக்கு மேலே…” படத்தில் கருத்த மேகம், கொட்டும் மழை, ஓடையில் விழும் பெரிய இலை. மூன்றாவதில் அந்த இலை மொட்டைப் பாறையில் வழுக்கி வருகிறது, நாலாபக்கமிருந்தும் சிற்றோடைகள் அதோடு சேர்கின்றன. நான்காவதில் அது பேரனின் தோளில் ஒட்டுகிறது. “ஆச்சி, தண்ணி ஏன் கலங்கியிருக்கு?” ஐந்தாவதில் ஆச்சி அவன் கையைப் பிடித்து இழுக்கிறார்: “எலேய், வெளிய வா!” ஆறாவதில் வாசகமே இல்லை. படிக்கட்டை மூடிய செம்மண் தண்ணீர், மேட்டில் நனைந்து நிற்கும் இருவர்.

அம்புக்குறி செய்யாததை அந்த இலை செய்தது. மேலே பெய்த மழையும் கீழே கலங்கிய தண்ணீரும் ஒன்றுதான் என்பதை யாரும் சொல்லாமலே பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். வாசகத்தின் வேலை இடத்தையும் நேரத்தையும் சொல்வது மட்டும். “மழை கொட்டுகிறது” என்று மழைப் படத்தின் மேல் எழுதினால் அது வீண். எழுத்தை முதலில் எழுதிவிட்டுப் பிறகே குமிழ் வரைய வேண்டும் என்பதையும் பட்டுத்தான் கற்றேன். தமிழ்ச் சொற்கள் நீளம், மேலும் கீழும் சுழிகள் வேறு. குமிழை முன்னால் வரைந்துவிட்டால் எழுத்து நசுங்கும்.

சரிபார்க்க வாசகங்களை மறைத்து, கட்டங்களைத் தனித்தனியாக வெட்டிக் கலைத்துக் கொடுத்தோம். வேறு வகுப்புப் பிள்ளைகள் அடுக்கினார்கள். வரிசை சரியாக வந்தது. ஆனால், “தண்ணீர் கலங்கியதற்கும் ஆச்சி இழுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம்?” என்று கேட்டபோது ஒரு சிறுமி “அரை மணி நேரம்” என்றாள். எனக்குத் திக்கென்றது. கட்டங்களுக்கு இடையிலுள்ள வெள்ளை இடத்தில் வாசகர் தமக்குத் தோன்றிய நேரத்தை நிரப்பிக்கொள்கிறார். இந்தக் கதையில் அந்தத் தவறு உயிரைக் குடிக்கும்.

நான்காவது கட்டத்தில் பேரன் தலையில் சோப்பு நுரை வைத்தோம். ஐந்தாவதிலும் அதே நுரை, அலசப்படாமல், கண்ணுக்கு மேல் வழிகிறது. மறுபடி கேட்டோம். “நுரைகூடப் போகலையே, உடனேதான்” என்றார்கள்.

எத்தனை முறை கலங்கினால் ஒரு முறை வெள்ளம் வரும் என்பதை இந்த ஆறு கட்டமும் சொல்லாது. அதற்கு நண்பரின் பேச்சுதான் வேண்டும். அவரே இன்றைய முதல் கட்டுரையை வாசிக்கிறார். அவரை மேடைக்கு அழைக்கிறேன்.