D டிரைவ் எங்கே போயிற்று?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டுக் கணினியில் விண்டோஸைப் புதிதாகப் போட்ட மறுநாள் பலரும் கேட்கும் கேள்வி இது: "D டிரைவில் வைத்திருந்த கணக்கைக் காணோமே, எல்லாம் அழிந்துவிட்டதா?" பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. கணக்கு இருந்த இடத்திலேயே இருக்கும், அந்த இடத்தின் எழுத்து மட்டும் மாறியிருக்கும். பத்து நிமிடத்தில் பழையபடி மாற்றிவிடலாம். ஆனால் மாற்றாமல் அப்படியே வேலையைத் தொடர்ந்தால் பிறகு பெரிய தலைவலியாகிவிடும். எப்படி மாற்றுவது, ஏன் உடனே மாற்ற வேண்டும் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில், எழுத்து ஏன் மாறுகிறது? நம் வளாகத்தையே நினைத்துக்கொள்ளுங்கள். வாயில் காவலாளி எந்த வீட்டில் யார் என்று ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார். பதிவேட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, புதிய காவலாளி புதிய நோட்டில் தான் பார்த்த வரிசையில் வீடுகளுக்கு எண் போட்டால் என்ன ஆகும்? வீடும் அதிலுள்ள சாமான்களும் அப்படியே இருக்கும். எண் மட்டும் மாறிவிடும். C, D, E என்ற எழுத்துகளும் அப்படித்தான். அவை ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்படுவதில்லை. விண்டோஸ் தன் சொந்தப் பதிவேட்டில் குறித்து வைத்துக்கொள்கிறது. புதிய விண்டோஸுக்குப் பழைய பதிவேடு தெரியாது. தனக்கு C என்று வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குக் கண்ணில் பட்ட வரிசையில் எழுத்து கொடுத்துவிடும்.

இப்போது ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். அதில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று, மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. C பகுதி 150 ஜிபி, அதில் விண்டோஸ். D பகுதி 400 ஜிபி, அதில் கணக்கு. மீதி 381 ஜிபி E பகுதி, அதில் குடும்பப் படங்கள். கூட்டினால் 931தானே வருகிறது என்று பார்க்காதீர்கள். 1 டிபி என்று விற்கப்படும் டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும்.

கணினி மெதுவாகிவிட்டது என்று 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி மாட்டி, அதில் விண்டோஸைப் புதிதாகப் போடுகிறோம். பழைய டிஸ்க்கும் உள்ளேயே இருக்கிறது. இப்போது புதிய எஸ்எஸ்டி C ஆகிவிட்டது. பழைய டிஸ்க்கின் விண்டோஸ் பகுதி D ஆகிறது. கணக்கு இருந்த பகுதி E ஆகிறது. படங்கள் F ஆகிவிடுகின்றன. எல்லாம் ஒரு வீடு தள்ளிப்போய்விட்டன.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. D என்று ஒன்று இல்லாமலே போயிருந்தால், கணக்கு மென்பொருள் உடனே பிழை காட்டும், நாமும் விழித்துக்கொள்வோம். இங்கே D இருக்கிறது, ஆனால் அது வேறு இடம். சில மென்பொருள்கள் தமக்குச் சொல்லிவைத்த ஃபோல்டர் D-யில் இல்லாவிட்டால், அதே பெயரில் காலியான ஒன்றைத் தாமே உருவாக்கிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் இரண்டு வாரம் பராமரிப்புக் கட்டண வரவை அதில் பதிந்துகொண்டே போனால், பழைய கணக்கு ஒரு பகுதியிலும் புதிய கணக்கு இன்னொரு பகுதியிலும் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. தொடக்க இருப்பு பூஜ்யம் என்று காட்டினால், அல்லது போன மாதப் பதிவுகள் எதுவும் தெரியாவிட்டால், அங்கேயே நிறுத்துங்கள்.

அதனால் விண்டோஸ் போட்டு முடிந்ததும், வேறு எந்த மென்பொருளையும் போடுவதற்கு முன்பே எழுத்துகளைச் சரிசெய்துவிடுங்கள். பிறகு செய்தால், புதிதாகப் போட்ட மென்பொருள்கள் ஏற்கெனவே E என்றோ F என்றோ குறித்து வைத்திருக்கும். அவற்றுக்கு மறுபடியும் வழி தவறும்.

இனி வேலைக்கு வருவோம். நிர்வாகி உரிமை உள்ள கணக்கில் நுழைந்து, விண்டோஸ் பொத்தானையும் R எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் இதைத் தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள்.

```
diskmgmt.msc
```

`Disk Management` என்ற சாளரம் திறக்கும். அதன் கீழ்ப் பாதியில் ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு நீளப் பட்டையாகத் தெரியும். `Disk 0`, `Disk 1` என்று பெயர் இருக்கும். எது 0, எது 1 என்பதை நம்பாதீர்கள், அது கணினிக்குக் கணினி மாறும். அளவைப் பாருங்கள். சுமார் 238 ஜிபி காட்டுவது புதிய எஸ்எஸ்டி. 931 காட்டுவது பழைய டிஸ்க். அந்தப் பழைய டிஸ்க்கில் 400 ஜிபி அளவுள்ள கட்டம்தான் நம் கணக்கு இருக்கும் பகுதி. சந்தேகமிருந்தால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து `Open` கொடுத்து, உள்ளே உங்கள் ஃபோல்டர்கள் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இப்போது E-யை D ஆக்க வேண்டும். நேராகப் போனால் இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் D இருக்கவே இருக்காது. ஏனென்றால் விண்டோஸ் காலியாக உள்ள எழுத்துகளை மட்டுமே அதில் காட்டும். D-யில் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார். குடியிருப்பவர் காலி செய்தால்தானே அடுத்தவர் வர முடியும்? ஆகவே வரிசை முக்கியம்.

முதலில் D-யைக் காலி செய்வோம். D என்று காட்டும் 150 ஜிபி பகுதியில் ரைட் கிளிக் செய்து `Change Drive Letter and Paths...` என்பதைத் தேர்ந்தெடுங்கள். `Change...` பொத்தானை அழுத்தி, பட்டியலில் X போன்ற கடைசி எழுத்து ஒன்றைத் தேர்ந்து `OK` கொடுங்கள். எழுத்தை நம்பியுள்ள சில மென்பொருள்கள் வேலை செய்யாமல் போகலாம் என்று ஓர் எச்சரிக்கை வரும். இன்னும் எதையும் போடவில்லை என்பதால் தயங்காமல் `Yes` கொடுக்கலாம்.

இரண்டாவதாக, E என்று காட்டும் 400 ஜிபி பகுதியில் இதே வேலையைச் செய்யுங்கள். இப்போது பட்டியலில் D இருக்கும். மூன்றாவதாக, F-ஐ E ஆக்குங்கள். ஏதாவது கோப்பு திறந்திருந்தால், அந்தப் பகுதி பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும். எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

சில கணினிகளில் D-யைப் பிடித்துக்கொண்டிருப்பது டிவிடி டிரைவாக இருக்கும், அல்லது விண்டோஸ் போடச் செருகிய பென் டிரைவாக இருக்கும். பென் டிரைவ் என்றால் கழற்றிவிட்டாலே போதும். டிவிடி என்றால் `CD-ROM 0` என்ற பட்டையில் இதே முறையில் Z கொடுத்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ரைட் கிளிக் செய்யும்போது வரும் அதே பட்டியலில் `Format...` என்றும் `Delete Volume...` என்றும் இருக்கும். நமக்கு வேண்டியதற்கு மிக அருகில்தான் அவை இருக்கின்றன. நிதானமாகப் படித்துவிட்டு அழுத்துங்கள். அடுத்து, C-யின் எழுத்தை மாற்ற முயலாதீர்கள். எழுத்தே இல்லாமல் தெரியும் சிறு பகுதிகளுக்கு எழுத்து கொடுக்கவும் வேண்டாம். அவை கணினி தொடங்குவதற்கும் பழுது பார்ப்பதற்கும் விண்டோஸ் வைத்துக்கொண்டவை.

முடிந்ததும் கணினியை ஒருமுறை அணைத்துத் தொடங்குங்கள். D-யைத் திறந்து கணக்கு ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கணக்கு மென்பொருளைப் போட்டு, கடைசியாகப் பதிந்த ரசீது எண்ணைக் கையிலுள்ள ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. பழைய டெஸ்க்டாப்பில் வைத்திருந்த கோப்புகளும் போய்விடவில்லை. அவை X டிரைவில் `Users` என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும்.

ஏற்கெனவே இரண்டு வாரம் தவறான இடத்தில் பதிந்துவிட்டவர்கள் என்ன செய்வது? எழுத்தைச் சரிசெய்த பிறகு, அந்தப் புதிய பதிவுகள் X டிரைவில் இருக்கும். அந்த ஃபோல்டரை எடுத்துப் பழையதன் மேல் ஒட்டாதீர்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் பல வருடக் கணக்கின் மேல் இரண்டு வாரக் கணக்கு ஏறி உட்கார்ந்துவிடும். புதிய ஃபோல்டருக்கு வேறு பெயர் கொடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து அந்த இரண்டு வாரப் பதிவுகளைப் பழைய கணக்கில் கையால் சேர்ப்பதுதான் பாதுகாப்பானது.

எழுத்து மாற்றத்தால் தீராத பிரச்சினைகளும் உண்டு. டிரைவைத் திறக்கும்போது அதை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று கணினி கேட்டால், `Cancel` கொடுத்து நிறுத்துங்கள். அது எழுத்துப் பிரச்சினை இல்லை. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதை மீட்பது கடினம். டிரைவின் மேல் பூட்டுப் படம் தெரிந்தால் அது பிட்லாக்கர் பூட்டு. அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். பலருக்கு அது அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். பூட்டு இருக்கிறதா என்பதையும் சாவி கையில் இருக்கிறதா என்பதையும் விண்டோஸைப் புதிதாகப் போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

விண்டோஸ் போட வருபவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டு முடிக்கும்வரை பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்திருக்கட்டும். அப்படிச் செய்யாவிட்டால், கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிட வாய்ப்புண்டு. பின்னாளில் அந்த டிஸ்க்கைக் கழற்றினால் கணினியே தொடங்காது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. எழுத்து விண்டோஸின் பதிவேட்டில் இருக்கிறது, விண்டோஸ் போனால் அதுவும் போய்விடும் என்று பார்த்தோம். ஆனால் டிரைவுக்கு நாம் வைக்கும் பெயர் அந்தப் பகுதியிலேயே எழுதப்படுகிறது. விண்டோஸ் எத்தனை முறை மாறினாலும் பெயர் அழியாது. ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து `Rename` கொடுத்து, கணக்கு, படங்கள் என்று பெயர் வைத்துவிடுங்கள். `Disk Management` சாளரத்தைக் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எழுத்து மாறினாலும், எந்தக் கதவுக்குள் எது இருக்கிறது என்று தேட வேண்டியிருக்காது.