கடை திறக்குமுன் கையொப்பம்: இரு நண்பர் கூட்டாக நடத்தும் சிற்றுண்டிச்சாலைக்கான உடன்படிக்கை



ஸ்ரீவைகுண்டம் தாமிரபரணிக் கரையில் அமைந்த ஊர். கள்ளபிரான் கோயிலை நாடி வருவோரும், நவதிருப்பதி சுற்றி வருவோரும், திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே இரயிலிலும் பேருந்திலும் செல்வோரும் அங்கே நின்று ஒரு காபி அருந்திச் செல்வர். அத்தகைய ஊரில் இரு நண்பர்கள் சேர்ந்து ஒரு சிற்றுண்டிச்சாலை தொடங்குவதாகக் கொள்வோம். ஒருவர் பணம் உள்ளவர். தம் தொழிலை விட்டு வர இயலாதவர். மற்றவர் கைத்திறன் உள்ளவர். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து இரவு வரை கடையிலேயே நிற்கக் கூடியவர். முன்னவர் ஆறு இலட்சம் ரூபாயும் பின்னவர் இரண்டு இலட்சம் ரூபாயும் முதலாக இடுகின்றனர். "நமக்குள் எழுத்து எதற்கு?" என்று இருவரும் கூறிவிடுகின்றனர்.

எழுத்து இல்லையென்றால் உடன்பாடே இல்லை என்று ஆகிவிடாது. அவ்விடத்தில் 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் தானே வந்து நிற்கும். அவ்விரு நண்பர்களும் ஒருபோதும் படித்திராத அச்சட்டம் அவர்களுடைய உடன்படிக்கையாகிவிடும். அது சொல்வது என்ன என்பதை அறிந்தால், எதை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது தானே விளங்கும்.

முதலாவது, பணமும் உழைப்பும். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து இலாபமும் நட்டமும் சமபங்கு என்கிறது சட்டத்தின் 13ஆம் பிரிவு. கடையில் உழைக்கும் பங்காளிக்குச் சம்பளம் கிடையாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. வாடகை, சரக்கு, ஆட்கூலி போக ஒரு மாதத்தில் அறுபதாயிரம் ரூபாய் மிஞ்சுவதாகக் கொண்டால், ஆளுக்கு முப்பதாயிரம். மும்மடங்கு பணம் இட்டவர் தமக்குக் குறைந்தது என்று எண்ணுவார். பகலிரவாக நின்றவரும் தமக்குக் குறைந்தது என்றே எண்ணுவார். இருவர் எண்ணத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் வெளியே சொல்லமாட்டார்கள். மனத்தாங்கல் அங்கேதான் முளைக்கிறது.

இதற்கு வழி, உழைப்புக்குரியதையும் முதலுக்குரியதையும் வெவ்வேறாகப் பிரித்து எழுதுவது. உழைப்பவருக்கு மாதம் இருபதாயிரம் ஊதியம். இருவர் முதலுக்கும் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. எஞ்சியது சமபங்கு என்று எழுதினால், அதே அறுபதாயிரத்தில் முதலில் இருபதாயிரம் ஊதியமாகப் போகும். வட்டியாகப் பணம் இட்டவருக்கு ஆறாயிரமும் உழைப்பவருக்கு இரண்டாயிரமும் சேரும். மீதமுள்ள முப்பத்திரண்டாயிரம் ஆளுக்குப் பதினாறாயிரம். ஆக, உழைத்தவருக்கு முப்பத்தெட்டாயிரம். பணம் இட்டவருக்கு இருபத்திரண்டாயிரம். யாருக்கு எதற்காக எவ்வளவு என்பது அவரவர் கண்ணுக்குத் தெரியும். முதல் மீதான வட்டியை இலாபத்திலிருந்தே தர வேண்டும் என்பது சட்டம். இலாபம் இல்லாத மாதத்தில் ஊதியமும் நிற்குமா, அல்லது கடை தர வேண்டிய கடனாகக் கணக்கில் ஏறுமா என்பதையும் அதே பத்தியில் எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது, நட்டம். இதைப் பற்றிப் பேசுவதே அமங்கலம் என்று பலர் விட்டுவிடுகின்றனர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில் ஸ்ரீவைகுண்டம் வெள்ளத்தால் சூழப்பட்டதும், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் அவ்வூர் நிலையத்திலேயே நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்ததும் நினைவிருக்கலாம். அப்படி ஒரு வெள்ளம் கடைக்குள் புகுந்து, இருவரும் கடையை மூடிவிட முடிவு செய்வதாகக் கொள்வோம். எஞ்சிய பொருள்களை விற்று, வெளிக்கடன்களைத் தீர்த்த பின் கையில் இருப்பது மூன்று இலட்சம். இட்ட முதலோ எட்டு இலட்சம். குறைவு ஐந்து இலட்சம்.

எழுத்து இல்லையெனில் இக்குறைவை இருவரும் சமமாக, ஆளுக்கு இரண்டரை இலட்சமாகத் தாங்க வேண்டும். பணம் இட்டவருக்குத் தம் ஆறு இலட்சத்தில் மூன்றரை இலட்சம் திரும்பும். உழைத்தவர் இட்டது இரண்டு இலட்சமே. ஆகவே அம்முதல் முழுவதும் போனதோடு, மேலும் ஐம்பதாயிரம் ரூபாய் தம் கையிலிருந்து எடுத்து நண்பருக்குத் தர வேண்டியவராகிறார். ஆண்டுக்கணக்கில் அடுப்பருகே நின்றவர் கடனாளியாக வெளியேறுகிறார். இதில் நண்பர் செய்த வஞ்சனை எதுவும் இல்லை. எழுதாமல் விட்ட ஒரு வரியின் விளைவு அது. நட்டத்தை முதலின் விகிதத்தில், அதாவது மூன்றுக்கு ஒன்றாகப் பகிர்வது என்று எழுதியிருந்தால், பணம் இட்டவர் இரண்டேகால் இலட்சமும் உழைத்தவர் முக்கால் இலட்சமும் பெற்றுப் பிரிந்திருப்பர். இலாபத்துக்கு ஒரு விகிதமும் நட்டத்துக்கு வேறொரு விகிதமும் வைத்துக்கொள்ளச் சட்டம் தடை சொல்லவில்லை. வெள்ளத்துக்கும் சேர்த்துக் காப்பீடு எடுப்பது யார் பொறுப்பு என்பதும் இவ்விடத்திலேயே எழுதத்தக்கது.

மூன்றாவது, கடனும் கையொப்பமும். பங்காளிகளுள் ஒருவர் கடையின் வழக்கமான வியாபாரத்துக்காகச் செய்வது கடையைக் கட்டுப்படுத்தும். பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் சேரும் பாக்கிக்கு இருவரும் பொறுப்பு. அதுவும் பாதிப் பாதியாக அன்று. கடன் கொடுத்தவர் விரும்பினால் முழுத் தொகையையும் வசதி உள்ள ஒருவரிடமிருந்தே கேட்கலாம். அவருடைய வீட்டுச் சொத்தும் அதற்கு ஈடாகும். தமக்குள் செய்துகொண்ட விகிதம் வெளியாரை ஒன்றும் செய்யாது. ஆகவே ஒருவர் தனித்து எத்தொகை வரை சரக்கு எடுக்கலாம், எதற்கு மேல் இருவர் ஒப்புதலும் வேண்டும் என்பதை எழுத வேண்டும். அவ்வரம்பை அறியாத வியாபாரிக்கு அது செல்லாது. ஆதலால் வங்கிக் கணக்கு இருவர் கையொப்பத்தில் இருப்பதும், கடன் தரும் வியாபாரிகளுக்கு வரம்பை முன்கூட்டியே தெரிவிப்பதும் நலம்.

இருவரும் ஒப்பினாலன்றி மாற்றக் கூடாதவை எவை என்ற பட்டியலும் இங்கே வரும். பண்டங்களின் பட்டியல் அதில் முதலிடம் பெற வேண்டும். தொடங்கும்போது தூய சைவம் என்பர். ஓராண்டு சென்றபின், மாலை வியாபாரம் மந்தமாக இருக்கிறது, முட்டை பப்ஸ் வைத்தால் ஓடும் என்று ஒருவர் சொல்வார். மற்றவர் குடும்பத்தில் அப்பணத்தைத் தொடவே மனம் வராது. முட்டை உண்டா, வெங்காயம் பூண்டு இல்லாத பண்டம் தனிப் பாத்திரத்தில் செய்யப்படுமா, இரவு எத்தனை மணிக்குக் கடை அடைப்பது என்பவற்றை முன்பே எழுதிவிட்டால், பின்னாளில் யாருடைய நெறியும் வியாபாரத்துக்கு இடையூறு என்று பழிக்கப்படாது.

நான்காவது, விலகல். காலவரையறையோ விலகும் முறையோ எழுதப்படாத கூட்டை, ஒருவர் எழுத்து மூலம் அறிவித்து எந்நாளும் கலைத்துவிடலாம். நன்றாக நடக்கும் கடை ஒரு கடிதத்தில் முடிந்துபோகும். அதனைத் தவிர்க்க, விலக விரும்புவோர் மூன்று மாத முன்னறிவிப்புத் தர வேண்டும், மற்றவர் அப்பங்கை வாங்கிக்கொண்டு கடையைத் தொடரலாம் என்று எழுதலாம். விலையைப் பிரியும் நாளில் பேச முற்பட்டால் முடிவு காண்பது அரிது. கணக்கிடும் முறையைச் சேரும் நாளிலேயே குறித்துவிட வேண்டும். பாத்திரம், குளிர்சாதனப் பெட்டி, காபி இயந்திரம் ஆகியவற்றின் அன்றைய மதிப்பு, வீட்டுக்காரரிடம் உள்ள முன்பணம், கடையின் நற்பெயருக்காகக் கடந்த இத்தனை மாதங்களின் சராசரி இலாபம் என்று சேர்த்துக் கணக்கிடலாம். வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் உள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். அது ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், மற்றவர் இடமும் வாடிக்கையாளரும் இன்றி நிற்க நேரும். கடையின் பெயர் யாருடன் செல்லும் என்பதும் எழுதப்பட வேண்டியதே. விலகியவர் பொது அறிவிப்பு வெளியிடாவிட்டால், தாம் விலகிய பின் ஏற்படும் கடனுக்கும் அவர் பதில் சொல்ல நேரிடும்.

ஐந்தாவது, மரணம். இங்கே நல்லறிவு உடையோரும் தவறியது உண்டு. சேட் கோவிந்தராம் சர்க்கரை ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1965இல் தீர்ப்பளித்தது. அந்நிறுவனத்தில் பங்காளிகள் இருவர். ஒருவர் இறந்தாலும் கூட்டு கலையாது, வாரிசு அவ்விடத்துக்கு வரலாம் என்ற பொருளில் அவர்கள் எழுதியும் வைத்திருந்தனர். இருவர் மட்டுமே உள்ள கூட்டில் ஒருவர் இறந்தால் கூட்டு முடிந்துவிடுகிறது, தனியொருவர் தமக்குத் தாமே பங்காளியாக இருக்க இயலாது, அத்தகைய கூட்டில் இவ்விதி பயன்படாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

ஆகவே இரு நண்பர்கள் 'வாரிசு தொடர்வார்' என்று மட்டும் எழுதி நிறுத்தினால் போதாது. ஒருவர் மறைந்தால் மற்றவர் கடையைத் தனியே நடத்தலாம். விலகலுக்குச் சொன்ன அதே கணக்கின்படி மறைந்தவர் குடும்பத்துக்கு இத்தனை தவணைகளில், இத்தனை மாதங்களுக்குள் பணம் சேர வேண்டும். குடும்பத்தார் விரும்பி, இருப்பவரும் இசைந்தால் புதிய உடன்படிக்கை செய்துகொள்ளலாம் என்று விரித்து எழுத வேண்டும். தொடக்கத்திலேயே மனைவியரையோ வளர்ந்த மக்களையோ சிறு பங்குடன் சேர்த்து மூவராகவோ நால்வராகவோ அமைத்து, மரணத்தால் கூட்டு கலையாது என்று எழுதிக்கொள்வது மற்றொரு வழி. ஆனால் அவ்வாறு சேர்வோர் கடையின் கடனுக்கும் பொறுப்பாவர் என்பதை அறிந்தே கையொப்பம் இட வேண்டும்.

இறுதியாக ஒன்று. இவ்வளவும் எழுதி முத்திரைத் தாளில் கையொப்பம் இட்டு, பெட்டியில் வைத்துவிட்டால் போதாது. கூட்டைப் பதிவு செய்வது கட்டாயம் அன்று. எனினும் பதிவு செய்யாத கூட்டின் பங்காளி, உடன்படிக்கையில் உள்ள உரிமையைக் கேட்டு மற்றப் பங்காளி மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது 69ஆம் பிரிவு. கூட்டைக் கலைக்கவும் கணக்குக் கேட்கவும் மட்டுமே வழி திறந்திருக்கும். அதாவது, கடையை நடத்திக்கொண்டே நியாயம் கேட்க இயலாது. கடையை முடித்துத்தான் கேட்க இயலும். ஆகையால் அடுப்பு பற்றவைக்கும் முன்னரே பதிவை முடித்துவிடுவது இருவருக்கும் நல்லது. இரு பிரதிகள் எடுத்து, இருவர் இல்லத்திலும் ஒவ்வொன்று இருக்கட்டும். அவ்வில்லங்களில் உள்ள பெண்டிரும் அதனை ஒருமுறை படித்திருக்கட்டும். ஒருநாள் அதனை எடுத்துப் பார்க்க வேண்டியவர்கள் அவர்களாகவும் இருக்கலாம்.