எந்தப் பாக்கெட் மலிவு? எண்ணெயை வைத்து ஒரு கணக்கு

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மாதச் சாமான் பட்டியலில் எல்லா வீட்டிலும் இருக்கிற ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு இன்று பேசலாம் என்று நினைக்கிறேன். அது சமையல் எண்ணெய். எந்தப் பாக்கெட் மலிவு என்று கண்டுபிடிப்பதில் என்னென்ன சிக்கல் உண்டோ, அத்தனையும் இந்த ஒரு பொருளிலேயே இருக்கிறது. இதில் கணக்கு பிடிபட்டுவிட்டால் மற்றப் பொருட்களுக்கும் அதே வழிதான்.

கடையில் ஒரே தரமுள்ள சூரியகாந்தி எண்ணெய் மூன்று விதமாக அடுக்கி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. முதலாவது, 1 லிட்டர் பாக்கெட், ரூ.160. இரண்டாவது, 850 கிராம் பாக்கெட், ரூ.145. மூன்றாவது, 5 லிட்டர் கேன், ரூ.815. இதில் எது மலிவு?

நம்மில் பலர் யோசிக்காமல் கேனைக் காட்டுவோம். மொத்தமாக வாங்கினால் குறையும் என்பது நம் மனதில் ஊறிப்போன எண்ணம். ஆனால் 815ஐ 5ஆல் வகுத்துப் பாருங்கள். லிட்டருக்கு ரூ.163 வருகிறது. ஒரு லிட்டர் பாக்கெட்டை விட 3 ரூபாய் அதிகம். ஐந்து பாக்கெட்டைத் தனித்தனியாக வாங்கினால் ரூ.800தான் ஆகும். ஆகவே கேனை ஓரமாக வையுங்கள்.

அடுத்து 850 கிராம் பாக்கெட். இங்கேதான் பலருக்கும் கணக்கு தடம் மாறுகிறது. 850 கிராமை 850 மில்லி என்று எடுத்துக்கொண்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 170 ரூபாய் 60 காசு வரும். "இது விலை கூடுதல்" என்று திருப்பி வைத்துவிடுவோம். ஆனால் எண்ணெய் தண்ணீரை விட லேசானது. 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ என்றால், 1 லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் சுமார் 910 கிராம்தான். பெரும்பாலும் லிட்டர் பாக்கெட்டின் மேலேயே இந்த எடையையும் சேர்த்து அச்சிட்டிருப்பார்கள், நிகர அளவு போட்டிருக்கும் இடத்தில் பாருங்கள்.

ஆக, கிராமை கிராமோடுதான் ஒப்பிட வேண்டும், லிட்டரை லிட்டரோடுதான் ஒப்பிட வேண்டும். மூன்றையும் கிராமுக்கு மாற்றுவோம். 1 லிட்டர் 910 கிராம், 5 லிட்டர் 4550 கிராம். பிறகு கைபேசியில் உள்ள கால்குலேட்டரில் விலையைக் கிராமால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 100 கிராமின் விலை கிடைக்கும்.

1 லிட்டர் பாக்கெட்: 160 ÷ 910 × 100 = ரூ.17.58
850 கிராம் பாக்கெட்: 145 ÷ 850 × 100 = ரூ.17.06
5 லிட்டர் கேன்: 815 ÷ 4550 × 100 = ரூ.17.91

மூன்றிலும் சிறியதுதான் மலிவு. பெரியது விலை கூடுதல். மாதம் 4 லிட்டர் எண்ணெய் செலவாகும் ஒரு வீட்டுக்கு, கேனுக்கும் சிறிய பாக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதம் சுமார் 31 ரூபாய், வருடத்துக்கு 370 ரூபாய்க்கு மேல். இது ஒரே ஒரு சாமானில் வரும் தொகை.

"பாக்கெட்டிலேயே ஒரு கிராம் விலை போட்டிருக்கிறதே, நாம் ஏன் கணக்குப் போட வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளில் 2021ஆம் ஆண்டு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அதன்படி அதிகபட்ச சில்லறை விலையோடு, 'யூனிட் சேல் பிரைஸ்' என்கிற அலகு விலையையும் அச்சிட வேண்டும். இது நமக்கு மிகவும் உதவியானது. ஆனால் படிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் விலையை கிராமுக்குப் போடுவார்கள். ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோவுக்குப் போடுவார்கள். மில்லிக்கும் லிட்டருக்கும் இதே முறைதான். ஆகவே ஒன்றில் 0.17 என்றும் மற்றொன்றில் 163 என்றும் இருக்கும். சரியாக 1 லிட்டர் பாக்கெட்டில் விலையும் அலகு விலையும் ஒன்றே என்பதால் தனியாகப் போடாமலும் இருக்கலாம்.

இரண்டு, அலகு விலையை இரண்டு தசம இடத்தோடு முழுமையாக்கி விடுவார்கள். கிராமுக்கு 0.17 என்று போட்டிருந்தால், உண்மையான விலை கிலோவுக்கு 165 முதல் 175 ரூபாய்க்குள் எதுவாகவும் இருக்கலாம். இரண்டு பாக்கெட்டிலும் 0.17 என்றே இருந்தாலும் கிலோவுக்குப் பத்து ரூபாய் வரை வித்தியாசம் ஒளிந்திருக்க முடியும். அதனால் கிராமில் எடுக்கும் பொருளுக்கு நாமே 100 கிராம் கணக்குப் போடுவது நல்லது.

மூன்று, அச்சிட்ட அலகு விலை அதிகபட்ச சில்லறை விலையை வைத்துக் கணக்கிட்டது. கடைக்காரர் தள்ளுபடி கொடுத்தால் அது செல்லாது. நீங்கள் கொடுக்கப்போகும் பில் விலையை வைத்தே வகுக்க வேண்டும். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்றாலும் இதே வழிதான்: கொடுக்கும் மொத்தப் பணத்தை, வீட்டுக்கு வரும் மொத்த அளவால் வகுங்கள்.

அப்படியென்றால் அந்தக் கேன் எந்த விலைக்கு வந்தால் வாங்கலாம்? இதையும் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். மலிவான பாக்கெட்டின் 100 கிராம் விலை ரூ.17.06. கேனில் 100 கிராம் 45.5 தடவை இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் ரூ.776. கேனின் விலை 776க்குக் கீழே இறங்கினால்தான் நமக்கு லாபம். ரூ.780க்கு "அதிரடித் தள்ளுபடி" என்று பலகை வைத்திருந்தாலும் பாக்கெட்டே மலிவு.

கேன் உண்மையிலேயே மலிவாகிவிட்டாலும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். திறந்த எண்ணெயில் காற்றும் வெளிச்சமும் பட்டுக்கொண்டிருந்தால் நாளடைவில் சிக்கு வாடை வந்துவிடும். மாதம் ஒரு லிட்டர் மட்டும் செலவாகும் வீட்டில் ஐந்து லிட்டர் கேன் ஐந்து மாதம் திறந்தே கிடக்கும். கடைசி அரை லிட்டரைக் கொட்ட நேர்ந்தால், 5 லிட்டர் விலைக்கு 4.5 லிட்டர்தான் வாங்கியதாக ஆகும். அந்த 4.5ஆல் வகுத்துப் பார்த்தால் மலிவு எங்கே போயிற்று என்று தெரியும். தவிர, சூரியகாந்தியையும் நல்லெண்ணெயையும் இப்படி ஒப்பிடக் கூடாது. தரமும் உபயோகமும் ஒன்றாக இருக்கும் பொருட்களுக்கு மட்டுமே இந்தக் கணக்கு.

உங்கள் கையில் கொடுத்திருக்கும் தாளில் நான்கு கட்டங்கள் இருக்கின்றன: பொருளின் பெயர், நிகர அளவு, பில் விலை, 100 கிராம் அல்லது 100 மில்லி விலை. எல்லாச் சாமானுக்கும் எழுத வேண்டியதில்லை. எண்ணெய், டீத்தூள், சோப்புத்தூள் என்று மாதா மாதம் அதிகப் பணம் போகும் நான்கைந்து பொருளுக்கு மட்டும் எழுதுங்கள். தாளைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள். அடுத்த மாதம் விலை அப்படியே இருந்து, பாக்கெட்டில் 850 என்பது 800 ஆகியிருந்தால், பழைய தாளில் உள்ள நான்காவது கட்டம் அதை உடனே காட்டிக் கொடுத்துவிடும். அதே 145 ரூபாய்க்கு 800 கிராம் என்றால் 100 கிராம் ரூ.18.13. அப்போது லிட்டர் பாக்கெட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.